ஏற்றத்தில் அணைந்துபோகும் மின் ஸ்கூட்டர், திடீரென்று பாதியான ரேஞ்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கணக்குகள் எல்லாம் ஒரே வண்டியை வைத்துப் போட்டவை. 48 வோல்ட், 20 ஆம்ப்-அவர் லித்தியம் அயான் பேட்டரி. உள்ளே 8 செல்களை இணையாகச் சேர்த்து ஒரு குழு, அப்படி 13 குழுக்கள் தொடராக. ஒரு செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் என்பதால் பேக் முழுதாக நிறைந்தால் 54.6 வோல்ட் காட்டும். நன்றாக இருந்தபோது ஒரு முழு சார்ஜில் 45 கிலோமீட்டர் ஓடியது. உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் பழுதைத் தேடும் வழி இதேதான்.

சமதரையில் நன்றாக ஓடுகிறது. மேடு ஏறும்போது மட்டும் ஏன் கட் ஆகிறது?

மேட்டில் பேட்டரியிலிருந்து போகும் கரன்ட் நாலு மடங்கு ஆகிவிடுகிறது, அதனால்தான். வண்டியும் ஆளும் சேர்ந்து 150 கிலோ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் காற்றையும் டயர் உருளும் தடையையும் வென்றால் போதும். பேட்டரியிலிருந்து சுமார் 7 ஆம்ப் போகும். 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அதே வேகத்தைப் பிடிக்க 28 ஆம்ப் வேண்டும்.

பேட்டரிக்குள்ளும் வயரிலும் பிளக்கிலும் கொஞ்சம் மின்தடை எப்போதும் இருக்கும். கரன்ட் நாலு மடங்கானால் அந்தத் தடையில் இழக்கும் வோல்டேஜும் நாலு மடங்காகும். அங்கே பிறக்கும் சூடோ பதினாறு மடங்கு, ஏனென்றால் சூடு கரன்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு பலவீனமான செல்லோ தளர்ந்த பிளக்கோ 7 ஆம்பில் மறைந்தே கிடக்கும். 28 ஆம்ப் கேட்டதும் வெளியே வந்துவிடும். பழுது மேட்டில் உண்டாவதில்லை, மேட்டில் தெரிகிறது.

கட் ஆனது பேட்டரியா, கன்ட்ரோலரா, கனெக்டரா என்று எதையும் கழற்றாமல் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். கட் ஆகும் அந்த நொடியில் டிஸ்ப்ளேயைப் பாருங்கள்.

டிஸ்ப்ளேயும் விளக்கும் சேர்ந்து மொத்தமாக அணைந்து, சில நொடிகளில் தானாகவோ சாவியை அணைத்துப் போட்ட பிறகோ திரும்ப வந்தால், பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காவல் காக்கும் பி.எம்.எஸ் பலகை வெளியே போகும் பாதையைத் துண்டித்திருக்கிறது. ஏதோ ஒரு குழுவின் வோல்டேஜ் எல்லைக்குக் கீழே இறங்கியதுதான் அதற்கு வழக்கமான காரணம். சில பேக்குகள் சார்ஜரைச் செருகிய பிறகுதான் திரும்ப விழிக்கும்.

டிஸ்ப்ளே எரிந்துகொண்டே இருக்க, மோட்டார் மட்டும் இழுப்பதை நிறுத்தி, ஆக்சிலேட்டரை விட்டுத் திருப்பினால் மறுபடி இழுத்தால், நிறுத்தியது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர். தனக்கு வந்து சேரும் வோல்டேஜ் குறைந்துவிட்டது என்று அது நினைக்கிறது. அது உண்மையாகவே பேட்டரி இறங்கியதாலும் இருக்கலாம், நடுவில் உள்ள பிளக் வோல்டேஜைத் தின்றுவிட்டதாலும் இருக்கலாம்.

ஏற்றம் தொடங்கி சில நிமிடம் கழித்து இழுவை மெல்லக் குறைந்து நின்று, கால் மணி நேரம் நிழலில் நிறுத்தினால் சரியாகிவிட்டால் அது சூடு. பள்ளத்தில் குதித்தபோது ஒரு கணம் அணைந்து எரிந்தால் அது தொடர்பு விட்டுப்போகும் பிளக் அல்லது வயர்.

ஒரு எச்சரிக்கை. சில வண்டிகளில் டிஸ்ப்ளேக்கும் விளக்குக்கும் தனியாக 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அதில் பி.எம்.எஸ் துண்டித்தாலும் டிஸ்ப்ளே அணையாது, பிழைக் குறி மட்டும் வரும். உங்கள் வண்டி அந்த வகையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இந்தச் சோதனை உங்களைத் தவறான பக்கம் அனுப்பிவிடும்.

டிஸ்ப்ளேயில் 45 சதவீதம் சார்ஜ் இருக்கிறது. அப்படியிருக்க பி.எம்.எஸ் எதற்கு அணைக்கிறது?

டிஸ்ப்ளே பார்ப்பது மொத்த வோல்டேஜை. பி.எம்.எஸ் பார்ப்பது 13 குழுக்களையும் தனித்தனியாக. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் திடீர் ரேஞ்ச் குறைவின் பாதிக் கதை இருக்கிறது.

நம் எடுத்துக்காட்டு வண்டி 24 கிலோமீட்டர் ஓடிய பிறகு நிறுத்தி அளந்ததாக வைத்துக்கொள்வோம். 12 குழுக்கள் 3.68 வோல்ட்டில் இருக்கின்றன, ஏழாவது குழு மட்டும் 3.40. கூட்டினால் 47.6 வோல்ட். டிஸ்ப்ளேக்கு இது பாதி சார்ஜ் போலத்தான் தெரியும்.

இப்போது மேடு ஏறுங்கள். 28 ஆம்ப் ஓடும்போது நல்ல குழுக்கள் 3.5 வோல்ட் அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்கும். ஏழாவது குழு ஏற்கெனவே காலியாகும் தறுவாயில் இருப்பதால் அதன் உள்தடையும் கூடியிருக்கும், அது 2.8 வோல்ட்டுக்குச் சரியும். பி.எம்.எஸ்ஸின் எல்லை பொதுவாக அந்தப் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். ஒன்றிரண்டு நொடியில் துண்டித்துவிடும். அந்தக் கணத்தில் மொத்த வோல்டேஜ் 45-க்கு அருகில்தான் இருக்கும், கன்ட்ரோலர் தானாக நிறுத்தும் 42-க்குக் கிட்டவே வந்திருக்காது. துண்டித்ததும் சுமை போய்விடுவதால் ஏழாவது குழு மூச்சு விட்டு 3.3-க்கு ஏறிவிடும், பி.எம்.எஸ் மறுபடி திறந்துவிடும். “அணைத்துப் போட்டால் சரியாகிறது” என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எதுவும் சரியாகவில்லை, சுமை போயிருக்கிறது, அவ்வளவே.

போன வாரம் வரை 45 கிலோமீட்டர். இந்த வாரம் 28. செல்கள் ஒரே வாரத்தில் கெட்டுப்போகுமா?

வயதாகிக் கெடும் செல்கள் ஒரு வாரத்தில் கெடாது. அது மாதக்கணக்கில் நூறு இருநூறு மீட்டராகக் குறைந்துகொண்டே வரும் சமாச்சாரம். ஒரே வாரத்தில் விழுந்தால் ஏதோ அறுந்திருக்கிறது, அல்லது பேக் முழுதாக நிறையவில்லை, அல்லது சக்கரம் எங்கேயோ உரசுகிறது.

கடைசியில் சொன்னதை முதலில் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசினால் சட்டென்று நின்றுவிடும். டயர் காற்றையும் பாருங்கள். குளிர் கடுமையாக இருக்கும் நாட்களில் எந்த லித்தியம் பேட்டரியும் குறைவாகத்தான் தரும். வெயில் வந்ததும் ரேஞ்ச் திரும்பினால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம்.

இவை இல்லையென்றால், 45-இலிருந்து 28 என்ற எண்ணே ஒரு துப்பு. ஒரு குழுவில் 8 செல்களில் 3 இணைப்பு அறுந்து விலகிவிட்டால் மிச்சம் 5. அந்தக் குழுவின் கொள்ளளவு 20-இலிருந்து 12.5 ஆம்ப்-அவராகும். தொடரில் உள்ள பேக் அதன் மிகச் சிறிய குழு தீரும்வரைதான் ஓடும். 45-ஐ 8-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 28. மற்ற 12 குழுக்களில் மின்சாரம் மிச்சம் இருந்தும் எடுக்க முடியாது. மேடு வந்தால் அந்த 28 கூடக் கிடைக்காது.

மல்டிமீட்டர் இருக்கிறது. எதை, எப்போது அளக்க வேண்டும்?

ஒவ்வொரு குழுவின் வோல்டேஜையும் மூன்று நிலையில் அளக்க வேண்டும்: சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, கட் ஆகும் அளவுக்கு ஓட்டிய பிறகு ஓய்வில், முடிந்தால் சுமையில். ஒரே ஒரு முறை அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

பி.எம்.எஸ்ஸில் புளூடூத் இருந்தால் பேக்கைத் திறக்கவே வேண்டாம், செயலியில் 13 எண்களும் வரிசையாக வரும். இல்லாவிட்டால் பி.எம்.எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வயர்களின் வெள்ளை பிளக்கில் அளக்கலாம். 13 குழுவுக்கு 14 வயர் இருக்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு வயருக்கு நடுவே ஒரு குழு. முனை ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகாதபடி மெல்லிய ஊசி முனை கொண்ட புரோப் பயன்படுத்துங்கள். மோதிரம், வாட்ச், உலோகக் காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் பேக்கைத் தொட வேண்டும். 54 வோல்ட் தூக்கி எறியாது, ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்ப் பாய்ந்து மோதிரம் விரலோடு உருகும்.

சுமையில் அளக்க, ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பயனில்லை. வெறும் சக்கரம் ஒன்றிரண்டு ஆம்புக்கு மேல் இழுக்காது. போனைக் கைப்பிடியில் கட்டி, செயலியின் திரையைப் பதிவு செய்துகொண்டே வழக்கமாகக் கட் ஆகும் ஏற்றத்தில் ஏறுங்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள். ஓட்டிக்கொண்டே எண்களைப் படிக்க வேண்டாம்.

எண்கள் கிடைத்துவிட்டன. எப்படிப் படிப்பது?

முழு சார்ஜிலும் காலியிலும் ஒரே குழு எப்படி நிற்கிறது என்று சேர்த்துப் பாருங்கள். இங்கேதான் நோய் பிரிகிறது.

முழு சார்ஜில் அந்தக் குழு மற்றவற்றுக்குச் சமமாக அல்லது சற்று அதிகமாக இருந்து, ஓட்டிய பிறகு எல்லாவற்றையும் விடக் கீழே போயிருந்தால், அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது. சின்னக் குடம் சீக்கிரம் நிறையும், சீக்கிரம் காலியாகும். நம் வண்டியில் இதுதான்: நிறைந்தபோது மற்றவை 4.16, ஏழாவது 4.18, ஓடிய பிறகு மற்றவை 3.68, ஏழாவது 3.40. செல் விலகியிருக்கலாம், அல்லது ஒரு செல் செத்திருக்கலாம்.

முழு சார்ஜிலும் குறைவு, காலியிலும் குறைவு என்றால் குடம் சின்னதல்ல, நிரம்பவில்லை. இதற்குச் சமநிலை தவறியது என்று பெயர். சார்ஜ் ஏற்றிச் சமன் செய்தால் போதும், செல் வாங்க வேண்டாம். ஆனால் சமன் செய்து இரண்டு வாரத்தில் அதே குழு மறுபடி பின்தங்கினால் அதில் ஒரு செல் தானாகக் கசிந்துகொண்டிருக்கிறது. அது ஆபத்தான செல், விட்டுவைக்கக் கூடாது.

ஓய்வில் மேலேயும் கீழேயும் சமம், மேட்டில் மட்டும் ஒரு குழு பள்ளத்தில் விழுகிறது என்றால் தடை கூடியிருக்கிறது. இரண்டு குழுக்களை இணைக்கும் நிக்கல் பட்டை பாதி அறுந்தாலும் இப்படித்தான் காட்டும்.

13 குழுக்களும் ஒன்றாகவே மேட்டில் ஆழமாக விழுந்தால் பேக் முழுவதற்கும் வயதாகிவிட்டது. ஒரு குழுவைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மெல்லிய வயர் பிளக்கில் ஈரம் புகுந்து பச்சை பூத்தால், நல்ல குழுவையே பி.எம்.எஸ் குறைவாகப் படித்துவிடும். செயலியில் 3.1 என்று வருகிற குழுவை மல்டிமீட்டரால் செல் முனையிலேயே அளந்தால் 3.7 இருக்கும். இதைப் பார்க்காமல் பேக்கை மாற்றியவர்கள் நிறையப் பேர். மாற்றும் முன் ஒரு குழுவையாவது நேரடியாக அளந்து ஒப்பிட்டுவிடுங்கள்.

சார்ஜ் முன்பு விடியவிடிய ஏறும். இப்போது சீக்கிரமே பச்சை விளக்கு வந்துவிடுகிறது. நல்லதுதானே?

இல்லை, அதுவும் அதே நோயின் அறிகுறி. கொள்ளளவு குறைந்த குழு முதலில் நிறைந்து எல்லையைத் தாண்டுகிறது, பி.எம்.எஸ் சார்ஜை நிறுத்துகிறது. கரன்ட் நின்றதால் சார்ஜர் வேலை முடிந்ததாக நினைத்துப் பச்சை காட்டுகிறது. மற்ற 12 குழுக்கள் நிறையவே இல்லை. பச்சை வந்ததும் பேக்கின் மொத்த வோல்டேஜை அளந்து பாருங்கள். 54-க்கு மேல் இருந்தால் சரி. 52, 53 என்று நின்றால் ஒன்று இந்த நிலை, இல்லை சார்ஜரே குறைவாகத் தருகிறது. சார்ஜரின் முனையைத் தனியாக அளந்தால் 54.6 வர வேண்டும்.

இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவைத்தால் ரேஞ்ச் திரும்பும் என்கிறார்கள். உண்மையா?

சமநிலை தவறியிருந்தால் மட்டும் உண்மை. சாதாரண பி.எம்.எஸ், நிறைந்துவிட்ட குழுக்களிலிருந்து ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கும். பின்தங்கிய குழு அதற்குள் எட்டிப்பிடிக்கும். வடிக்கும் அளவு சுமார் 50 மில்லிஆம்ப்தான். ஒரு குழு 1 ஆம்ப்-அவர் பின்தங்கியிருந்தால் 20 மணி நேரம் பிடிக்கும். அதனால் ஒரு இரவு போதாது, பச்சை வந்த பிறகும் சில மணி நேரம் விட்டு, நாலைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். ஆள் விழித்திருக்கும் நேரத்தில், தீப்பிடிக்கும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். விலகிப்போன செல்லை எத்தனை நாள் சார்ஜில் போட்டாலும் அது திரும்பி வந்து ஒட்டாது.

பேக்கைத் திறந்தால் எந்த செல் விலகியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படிச் சேர்ப்பது?

திறக்கும் முன் ஒன்று: பேக் உப்பியிருந்தாலோ, இனிப்பான கரைப்பான் வாசம் வந்தாலோ, தொட்டால் காரணமில்லாமல் சூடாக இருந்தாலோ திறக்க வேண்டாம். வீட்டுக்கு வெளியே தனியாக வைத்துவிட்டு, பேக் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பட்டை மேல் அளந்தால் 8 செல்லும் ஒரே எண்தான் காட்டும், ஏனென்றால் நீங்கள் அளப்பது பட்டையை. புரோப்பை ஒவ்வொரு செல்லின் இரண்டு உலோக முனையிலும் நேரடியாக வையுங்கள். ஒட்டியிருக்கும் செல்கள் குழுவின் 3.40-ஐக் காட்டும். விலகிய செல் தான் விலகிய நாளில் இருந்த வோல்டேஜிலேயே உறைந்து நிற்கும், 3.92 என்று வைத்துக்கொள்வோம். வெல்டு அறுந்து பட்டை செல்லைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் எண்ணில் தெரியாது. மரக்குச்சியால் பட்டையை மெல்ல நெம்பினால் அசையும்.

இனி அவசரப்படக் கூடாத இடம். 3.92-இல் நிற்கும் மூன்று செல்களை 3.40-இல் நிற்கும் குழுவோடு அப்படியே ஒட்டினால், இரண்டும் சமமாகும்வரை பெரிய கரன்ட் பாய்ந்து புது வெல்டே உருகலாம். மற்ற 12 குழுக்கள் நிற்கும் 3.68-க்கு எல்லாவற்றையும் கொண்டுவருவதுதான் சுருக்கு வழி. விலகிய மூன்றையும் ஒவ்வொன்றாக 5 ஓம், 5 வாட் ரெசிஸ்டரில் வடித்து இறக்குங்கள், அதில் 0.8 ஆம்புக்குள்தான் போகும். ஏழாவது குழுவை, வோல்டேஜும் கரன்டும் எல்லை வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 3.68 வோல்ட், 2 ஆம்ப் என்று வைத்து ஏற்றுங்கள். எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து, வித்தியாசம் 0.02 வோல்ட்டுக்குள் வந்த பிறகு ஸ்பாட் வெல்டு செய்யுங்கள்.

சோல்டரிங் அயர்னைச் செல் மேல் நேராக வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் படலம் அந்தச் சூட்டைத் தாங்காது. வெல்டு ஏன் அறுந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள்: செல்கள் பிடிப்பான்களில் இல்லாமல் வெறும் டேப்பால் சுற்றப்பட்டிருந்தால், வண்டி அதிரும்போது அவை ஒன்றையொன்று இழுத்துப் பட்டையைக் களைக்க வைக்கும். பிடிப்பானும் பேக்குக்கு அடியில் ரப்பர் மெத்தையும் வைக்காமல் மூடினால் சில மாதத்தில் வேறு குழுவில் அதே கதை.

வடித்த செல் எதுவும் இரண்டு நாளில் தானாகவே வோல்டேஜ் இழந்தால் அதைச் சேர்க்காதீர்கள். 2 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்த செல்லையும் எழுப்பப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று குழுக்கள் ஒன்றாகப் பின்தங்கியிருந்தால் எங்கள் கருத்து, பேக்கையே மாற்றுவது மேல். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது வரிசையில் நிற்கும்.

பி.எம்.எஸ்ஸைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்துவிட்டால் கட் ஆகாதே?

ஆகாது. ஏழாவது குழு பூஜ்யத்துக்குப் போகும், மற்ற 12-உம் அதைத் தலைகீழாகத் தள்ளும். ஆழமாகக் காலியான செல்லுக்குள் செம்பு கரைந்து, அடுத்த சார்ஜில் உள்ளேயே ஷார்ட் பாதையாகப் படியும். பிறகு தீ. கன்ட்ரோலரின் வோல்டேஜ் எல்லையை இறக்கி வைப்பதும் இதன் தம்பிதான்.

குழுக்கள் எல்லாம் சமமாக இருக்கின்றன. ஆனாலும் மேட்டில் மோட்டார் மட்டும் நிற்கிறது. கனெக்டரை எப்படிச் சோதிப்பது?

முதலில் கை வைத்துப் பாருங்கள். ஏற்றம் ஏறி முடித்து உடனே சாவியை அணைத்துவிட்டு, பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் உள்ள பெரிய பிளக்கைத் தொடுங்கள். வயரை விட பிளக் சூடாக இருந்தால் பழுது அங்கேதான். கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கும், பின் கருத்திருக்கும், சில சமயம் ஒரு முனை மட்டும் உருகி உள்ளே போயிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் மில்லிவோல்ட் சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பிளக்குக்கு முன்னால் பிளஸ் வயரிலும், மற்றதை அதே பிளஸ் வயரில் பிளக்குக்குப் பின்னாலும் வையுங்கள். இரண்டும் பிளஸ் என்பதால் ஷார்ட் ஆகும் பயமில்லை. அதிகபட்சத்தைப் பிடித்துவைக்கும் வசதியுள்ள மீட்டரை வண்டியில் கட்டிவிட்டு மேடு ஏறுங்கள். நல்ல பிளக்கின் தடை 1 மில்லிஓமுக்குள் இருக்கும், 28 ஆம்பில் 30 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. 100-ஐத் தாண்டினால் மாற்றிவிடலாம். 400 வந்தால் அந்தச் சின்னப் பிளக்குக்குள் 11 வாட் சூடு எரிகிறது என்று அர்த்தம், அது பிளாஸ்டிக்கை இளக்கப் போதும். மைனஸ் பக்கமும் இதேபோல் அளக்க வேண்டும். பலர் பிளஸ்ஸோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த நோய் தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். சூடு ஏறினால் பின்னைக் கவ்வும் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. அதனால் கருத்த பின்னைத் தேய்த்துத் திரும்பச் செருகினால் ஒரு வாரம் தாங்கும், பிறகு முன்பை விட மோசமாகும். இரண்டு பக்கத்தையும் புதிதாக மாற்றுங்கள். புது முனையைப் பழைய முனையில் செருகினால் பழையது புதியதையும் கெடுக்கும். உங்கள் கன்ட்ரோலர் லேபிளில் உள்ள கரன்ட் எல்லையை விட ஒன்றரை மடங்கு தாங்கும் பிளக்காக வாங்குங்கள். வயர் கருத்திருந்தால் செம்பு பளபளப்பாகத் தெரியும்வரை வெட்டிவிட்டுத்தான் புது முனை போட வேண்டும்.

பெரிய பிளக் நன்றாக இருந்தால் ஃபியூஸ் பிடிப்பானையும் எம்.சி.பி சுவிட்சையும் அதே முறையில் அளந்து பாருங்கள். அவையும் இதே பாதையில்தான் இருக்கின்றன.

கன்ட்ரோலர் கெட்டிருந்தால் எப்படித் தெரியும்?

கன்ட்ரோலரின் பேட்டரி முனையிலேயே, மேட்டில், வோல்டேஜை அளந்து பாருங்கள். குறைந்தபட்சத்தைப் பிடித்துவைக்கும் மீட்டர் போதும். 44 வோல்ட் வந்துகொண்டிருக்கும்போதே 42-இல் நிற்க வேண்டிய கன்ட்ரோலர் நின்றால் குற்றவாளி அதுதான், அல்லது அதற்கு வரும் சிக்னல்கள். இந்த அளவை எடுக்காமல் கன்ட்ரோலரை மாற்றுவது பணத்தைக் காற்றில் விடுவது.

சிக்னலில் மலிவானது பிரேக் சுவிட்ச். பிரேக் பிடித்ததாகச் சொல்லும் சென்சார் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் மோட்டார் நிற்கும். அதன் பிளக்கை ஆளில்லாத இடத்தில் சோதனைக்காக மட்டும் கழற்றி ஓட்டிப் பாருங்கள், பிறகு மாட்டிவிடுங்கள்.

மோட்டார் நின்றுபோகாமல் கொர்கொர்ரென்று உதறினால், மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களின் பிளக்கைப் பாருங்கள், மோட்டாரிலிருந்து ஐந்து மெல்லிய வயர்கள் அதற்கு வரும். சாவியைப் போட்டு, பிளக் செருகியிருக்கும்போதே பின்புறமாகப் புரோப்பை நுழைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் 0-க்கும் 5-க்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒன்று அசையாமல் நின்றால் சென்சாரோ வயரோ போய்விட்டது. குளிர்ந்திருக்கும்போது சரியாக வந்து, மேடு ஏறிய சூட்டில் மட்டும் தவறுவதும் உண்டு. அதனால் சூடாக இருக்கும்போதே ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று தடித்த ஃபேஸ் வயர்களின் இணைப்பை மறந்துவிடாதீர்கள். மெதுவாக மேடு ஏறும்போது அவற்றில் ஓடும் கரன்ட் பேட்டரி கரன்டை விட அதிகம். ஒன்று மட்டும் கருத்திருந்தால் அந்த முனைதான் சூட்டுக்குக் காரணம். கன்ட்ரோலரே சூடாகி நின்றால், அதன் அலுமினிய முதுகு வண்டிச் சட்டத்தோடு ஒட்டியிருக்கிறதா, காற்று படுகிறதா, மண் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் உள்ளே மாஸ்ஃபெட் எனும் மின் சுவிட்சுகளை அழுத்தும் ஸ்குரூ தளர்ந்திருக்கும், அல்லது கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கும். உப்பிய கெப்பாசிட்டர் வோல்டேஜைத் துடிக்கவிட்டு, கன்ட்ரோலரை முன்கூட்டியே ஏமாற்றி நிறுத்த வைக்கும்.

என்னுடையது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. இதே எண்களா?

முறை அதே, எண்கள் வேறு. ஒரு செல் 3.65-இல் நிறையும், 2.5 பக்கத்தில் துண்டிக்கப்படும். நடுவில் அதன் வோல்டேஜ் கிட்டத்தட்ட அசையாமல் 3.2, 3.3 என்றே நிற்கும். பாதி சார்ஜில் அளந்து “எல்லாம் சமம்” என்று மகிழ வேண்டாம், அங்கே நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலத்தான் தெரியும். நிறையும் கடைசிக் கட்டத்திலும் காலியாகும் கடைசிக் கட்டத்திலும் அளந்தால்தான் பிரியும்.

சரிசெய்ய ஒரு வாரம் ஆகும். அதுவரை மேடு ஏறியே ஆக வேண்டும். என்ன செய்யலாம்?

பிளக் சூடாகிறது என்றால் ஓட்டாதீர்கள், அதற்கு இடைக்கால வழி இல்லை. ஒரு குழு பலவீனம் என்றால் கரன்டைக் குறைக்கலாம். ஏற்றத்தின் அடியிலேயே வேகத்தை 15-க்கு இறக்கி ஏறினால் 28-க்குப் பதில் 18 ஆம்ப் அளவில் போகும், ஏழாவது குழு 2.8-ஐத் தொடாமல் தப்பும். அதை விட மெதுவாக நகர்த்தாதீர்கள். மோட்டார் சுற்றுவதை விட்டுச் சூடாக ஆரம்பிக்கும். போகவர மொத்தம் 20 கிலோமீட்டருக்குள் வீடு திரும்பி, நிறைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஒருமுறை கட் ஆனால், சாவியை அணைத்துப் போட்டு அதே மேட்டில் மறுபடி மறுபடி முறுக்க வேண்டாம், இறங்கித் தள்ளுங்கள். ஒவ்வொரு முறுக்கிலும் அந்தக் குழுவில் மிச்சமிருக்கும் ஐந்து செல்கள்தான் அடி வாங்குகின்றன.